‘ஸ்டாக் இல்லை’ என்றதும் வாடிக்கையாளர் எங்கே போகிறார்?

சென்னை அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வண்டி உதிரிபாகக் கடைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பைக்குக்கு பிரேக் ஷூ வாங்க வந்த மெக்கானிக்கிடம் கடைக்காரர் “ஸ்டாக் இல்லைண்ணே, திங்கட்கிழமை வந்துடும்” என்றால், அந்த வாக்கியம் முடியும்வரைகூட அவர் நிற்பதில்லை. பத்தடி தள்ளி இன்னொரு கடை இருக்கிறது. பட்டறையில் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருப்பவர் திங்கட்கிழமை வரை என்ன செய்வார்?

அதே பிரேக் ஷூவை வால்பாறையில் ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், 40 கொண்டைஊசி வளைவுகள் ஏறி வரவேண்டிய ஊர். அந்த ரகம் வைத்திருப்பது ஒரே ஒரு கடை என்றும் கொள்வோம். “திங்கட்கிழமை வந்துடும்” என்ற அதே பதிலுக்கு அவர் “சரி, எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க” என்று பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். ஒரு பிரேக் ஷூவுக்காக மலையிறங்கி ஏறுவதைவிட நாலு நாள் பொறுப்பது அவருக்கு மலிவு.

இரண்டு கடையிலும் பொருள் ஒன்று, விலை ஒன்று, இல்லாமல் போனதும் ஒன்று. சென்னைக் கடைக்காரர் விற்பனையையே இழந்தார். மலைக் கடைக்காரருக்கு விற்பனை நாலு நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான். முதலாவதைச் சரக்கிருப்புக் கணக்கில் லாஸ்ட் சேல்ஸ் என்பார்கள், இழந்த விற்பனை. இரண்டாவது பேக் ஆர்டர். நம் கடைகளில் பெண்டிங் ஆர்டர் என்று சொல்வது அதைத்தான். அலமாரியில் எத்தனை வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்த இரண்டு கடைகளுக்கும் ஒரே விடை வராது. எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பெருக்கல், வகுத்தலுக்கு மேல் எதுவும் தேவைப்படாது.

கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு செட் பிரேக் ஷூ கடைக்காரருக்கு 240 ரூபாய்க்கு வருகிறது, 300 ரூபாய்க்குப் போகிறது. லாபம் 60 ரூபாய். சனிக்கிழமை இரவு ஆர்டர் சொன்னால் திங்கள் காலை கடை திறப்பதற்குள் சரக்கு வந்துவிடும். வாரத்துக்குச் சராசரியாக 20 பேர் கேட்கிறார்கள். சில வாரம் 14, சில வாரம் 27 என்று ஏறி இறங்கும். விற்காமல் நின்ற செட் கெட்டுப்போவதில்லை, அடுத்த வாரம் விற்கும். ஆனாலும் அதில் முடங்கிய 240 ரூபாய்க்கு வட்டி, இடத்துக்கு வாடகை என்று வாரத்துக்கு 1 ரூபாய் 20 காசு செலவாகிறது. ஆண்டுக்கு 26 சதவீதம் என்ற கணக்கில் வந்த தொகை இது. கடன் வாங்கிச் சரக்கு போடும் சிறுகடைக்கு அது அதிகமில்லை.

இப்போது சென்னைக் கடைக்காரர் யோசிக்கிறார்: இன்னும் ஒரு செட் கூடுதலாக வாங்கி வைக்கலாமா? அந்தக் கடைசி செட் தேவைப்படாத வாரங்களில் எல்லாம் 1 ரூபாய் 20 காசு நட்டம். தேவைப்படும் வாரத்தில், வேறு கடைக்குப் போயிருக்கக்கூடிய ஒருவர் இங்கேயே வாங்குகிறார். 60 ரூபாய் லாபம். அறுபதை 1.20-ஆல் வகுத்தால் 50. ஆகவே 50 வாரம் சும்மா கிடந்து 51-ஆவது வாரம் ஒரே ஒரு முறை விற்றாலும் அந்தச் செட் தன் செலவை ஈடுகட்டிவிடும். ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு முறை. அப்படியானால், ஆண்டிலேயே மிகவும் பரபரப்பான வாரத்துக்குப் போதுமான சரக்கை அவர் எல்லா வாரமும் வைத்திருக்க வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட ஏற்ற இறக்கத்துக்கு அது 32 செட் அளவில் வருகிறது.

மலைக் கடைக்காரரும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறார். அவருக்குக் கடைசி செட் இல்லாவிட்டால் 60 ரூபாய் போய்விடாது. நோட்டில் பெயர் எழுதுவது, சரக்கு வந்ததும் போன் செய்வது, காத்திருந்தவருக்கு ஐந்து ரூபாய் குறைத்துக்கொள்வது என்று ஆளுக்கு 6 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆறை 1.20-ஆல் வகுத்தால் 5. கடைசி செட் ஆறு வாரத்துக்கு ஒரு முறையாவது தேவைப்பட்டால்தான் அதை வாங்கி வைப்பதில் அர்த்தம் உண்டு. ஆறு வாரத்துக்கு ஒரு முறை வரும் உச்சம் எவ்வளவு என்று பார்த்தால் 26 செட்.

சராசரித் தேவை இரண்டு கடைக்கும் 20-தான். அதற்கு மேல் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் சரக்கு ஒருவருக்கு 12, இன்னொருவருக்கு 6. சரிபாதி. பிரேக் ஷூ ஒன்றுக்கு இது சில்லறை வித்தியாசம். ஆயிரக்கணக்கான உருப்படிகள் உள்ள உதிரிபாகக் கடையில் கடன் வாங்க வேண்டுமா, வேண்டாமா என்பதையே தீர்மானிக்கும் வித்தியாசம். ‘கடைசி ஒன்றை வைக்கலாமா’ என்று கேட்டு அளவைக் கண்டுபிடிக்கும் இந்த வழி புதியதல்ல. வங்கியில் எவ்வளவு ரொக்கம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு எட்ஜ்வர்த் என்ற பொருளியலாளர் 1888-லேயே இப்படி ஒரு கணக்குப் போட்டார்.

நிஜத்தில் எல்லோரும் போய்விடுவதும் இல்லை, எல்லோரும் காத்திருப்பதும் இல்லை. பாதிப் பேர் போய், பாதிப் பேர் நின்றால்? 32-க்கும் 26-க்கும் நடுவே 29 என்று சொல்லத் தோன்றும். அது தவறு. இல்லை என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் ஆகும் சராசரி நட்டம், 60-க்கும் 6-க்கும் நடுவான 33 ரூபாய். அதை 1.20-ஆல் வகுத்தால் இருபத்தேழரை. ஏறக்குறைய 28 வாரத்துக்கு ஒரு முறை தேவைப்பட்டாலே அந்தச் செட்டை வைக்கலாம். அதற்கான இருப்பு 31. எல்லோரும் போய்விடும் கடைக்கும் இதற்கும் ஒரே ஒரு செட்தான் குறைவு. பத்தில் ஒன்பது பேர் காத்திருந்து ஒருவர் மட்டும் போகிறார் என்றாலும் 26 போதாது, 28 வேண்டும்.

இந்தத் துறையில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் எண்ணிக்கையில் அதிகமாக இருந்தாலும், கணக்கை நிர்ணயிப்பவர்கள் போய்விடும் சிலர். “நம்ம கஸ்டமர்ஸ் பெரும்பாலும் வெயிட் பண்ணுவாங்க” என்று நம்பி இருப்பைக் குறைக்கும் கடைக்காரர், அந்தப் ‘பெரும்பாலும்’ எவ்வளவு என்று பார்த்தாக வேண்டும்.

மறுமுனையில் நிலைமை வேறு. ஒரு முறை இல்லை என்று கேட்ட மெக்கானிக், அடுத்த முறையும் அடுத்த கடைக்கே போய்ப் பழகிவிடக்கூடும். அப்படிப் பார்த்தால் இழப்பு 60 ரூபாயோடு நிற்காது. அதை எவ்வளவு என்று போடுவது? 300 ரூபாய் என்று ஐந்து மடங்காக உயர்த்திப் போட்டாலும் வைக்க வேண்டிய இருப்பு 32-லிருந்து 36-ஆகத்தான் ஏறும். எல்லோரும் போய்விடும் கடையில், இழப்பின் துல்லியமான மதிப்பைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. காத்திருப்பவர்கள் நிறைந்த கடையில்தான் இந்தச் சின்னச் சின்ன விகிதங்கள் விடையை ஆட்டிவைக்கும்.

மெதுவாக விற்கும் பொருள்களில் வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரியும். புகை விதிகள் 2020-இல் மாறிய பிறகு வந்த பைக்குகளில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி ஒன்று உண்டு. மெக்கானிக்குகள் ஈசியூ என்பார்கள். அப்படி ஒன்று கடைக்காரருக்கு 5,100 ரூபாய்க்கு வந்து 6,000-க்கு விற்கிறது என்று கொள்வோம். லாபம் 900, வைத்திருக்க வாரத்துக்குச் சுமார் 25 ரூபாய். தொள்ளாயிரத்தை 25-ஆல் வகுத்தால் 36. இருபது வாரத்துக்கு ஒருவர் கேட்கும் பொருள் என்றால், அவர் போய்விடக்கூடியவராக இருந்தால் ஒன்று வாங்கி வைப்பது சரி. அவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவராக இருந்து, நமக்கு ஆகும் சிரமம் 100 ரூபாய் என்றால் கணக்கு தலைகீழ்: நூறை 25-ஆல் வகுத்தால் 4. ஐந்து வாரத்துக்கு ஒருவராவது கேட்காத பொருளை அலமாரியில் வைக்கவே கூடாது. ஆர்டர் வந்த பிறகு வரவழைத்தால் போதும். ஆண்டுக்கு ஒருவர்தான் கேட்கிறார் என்றால், அவர் போய்விடுவார் என்று தெரிந்தாலும் வைக்கக் கூடாது. விற்பனை கைநழுவுவது எப்போதும் தவறு என்று நினைக்கிற முதலாளிகள் இந்தக் கடைசி வரியை ஏற்கமாட்டார்கள். ஆனால் சில விற்பனைகளை இழப்பதுதான் லாபம்.

இதுவரை சரக்கு ஒரே இரவில் வந்தது. அது வழியில் பல வாரம் இருந்தால் இரண்டு கடைகளின் பாதையும் இன்னொரு விதமாகப் பிரிகிறது.

சனிக்கிழமை சொல்லும் ஆர்டர், நடுவில் மூன்று வாரம் கழிந்து நான்காவது வாரத் திங்களன்று வந்து சேர்கிறது என்று கொள்வோம். இரண்டு கடைக்காரர்களும் ஒரே விதியைப் பின்பற்றுகிறார்கள்: அலமாரியில் இருப்பதையும் வழியில் இருப்பதையும் கூட்டிப் பார்த்து, அது 80 ஆகும்படி ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆர்டர் சொல்வது. காத்திருப்பவர்களுக்குத் தரவேண்டிய பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள். எல்லாம் சீராக இருக்கும் திங்களன்று அலமாரியில் 20, வழியில் மூன்று தவணையாக 60.

ஒரு வாரம் மட்டும் திடீரென்று 35 பேர் வந்துவிடுகிறார்கள். மற்ற வாரங்களில் வழக்கம்போல் 20 பேர்.

சென்னைக் கடையில் 20 பேர் வாங்குகிறார்கள், 15 பேர் அடுத்த கடைக்குப் போகிறார்கள். சனிக்கிழமை அலமாரி காலி, வழியில் 60. அவர் 20 ஆர்டர் சொல்கிறார். திங்களன்று 20 வருகிறது, அந்த வாரம் 20 பேர் வருகிறார்கள், எல்லோருக்கும் கிடைக்கிறது. போன 15 பேர் போனதோடு சரி, அதன் சுவடே அடுத்த வாரம் இல்லை. மொத்த இழப்பு 15 விற்பனை, 900 ரூபாய்.

மலைக் கடையில் 20 பேர் வாங்க, 15 பேர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். சனிக்கிழமை அவர் 35 ஆர்டர் சொல்கிறார். ஆனால் அது வர நான்காம் வாரம் ஆகும். அதற்கிடையில் திங்களன்று வரும் 20-இல் 15 பழைய பாக்கிக்கே போய்விடுகிறது. கையில் 5. அந்த வாரம் வரும் 20 பேரில் 15 பேர் மறுபடி காத்திருக்க வேண்டும். அடுத்த வாரமும் இதே கதை, அதற்கடுத்த வாரமும் இதே கதை. நான்காம் வாரம் 35 வந்த பிறகுதான் மூச்சு விடுகிறார். ஒரே ஒரு வாரத்து நெரிசலுக்காக 60 பேர் காத்திருந்திருக்கிறார்கள். ஆளுக்கு 6 ரூபாய் என்றால் 360.

பணத்தில் மலைக் கடைக்காரருக்கு நட்டம் குறைவு. தொந்தரவோ நாலு மடங்கு. காத்திருப்பவர்கள் கடன் போலச் சேர்ந்துகொண்டே வருகிறார்கள். போய்விடுபவர்கள் கடையின் பழைய கணக்கைத் தாங்களே தீர்த்துவிட்டுப் போகிறார்கள். சரக்கு வர நாளாகும் கடைகளில் இதன் விளைவு பெரிது. எல்லோரும் காத்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு போட்ட சூத்திரத்தை எல்லோரும் போய்விடும் கடையில் பயன்படுத்தினால், நடக்கவே போகாத பாக்கிக்கும் சேர்த்துச் சரக்கு வாங்க நேரிடும். பாடப்புத்தகச் சூத்திரங்களில் பெரும்பாலானவை காத்திருப்பவர்களை வைத்து எழுதப்பட்டவை. காரணம் வாடிக்கையாளர்கள் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதல்ல. கணக்கு அப்படித்தான் எளிதாக வருகிறது.

எவ்வளவு எளிது என்பதை கணிதம் 1958-லேயே காட்டிவிட்டது. எல்லோரும் காத்திருக்கும் கடையில், அலமாரியையும் வழியில் உள்ளதையும் கூட்டிய ஒற்றை எண் போதும். அதை ஒரு குறிப்பிட்ட உயரம் வரை நிரப்புவதே சிறந்த வழி. போய்விடும் கடையில் சரக்கு வர நாளாகும் என்றால் அது சிறந்த வழியல்ல என்று சாமுவேல் கார்லினும் ஹெர்பர்ட் ஸ்கார்ஃபும் அந்த ஆண்டு காட்டினார்கள். எத்தனை சரக்கு வழியில் இருக்கிறது என்பதோடு, எது எந்த நாளில் வரும் என்பதையும் தனித்தனியாக நினைவில் வைத்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சரக்கு வர ஆகும் வாரங்கள் கூடக்கூட, கணிப்பொறிக்கும் கட்டுப்படாத அளவுக்கு அந்தக் கணக்கு வீங்குகிறது.

பிற்காலத்தில் கிடைத்த விடைகளில் ஒன்று வேடிக்கையானது. போய்விடும் கடையில் சரக்கு வர மிக நீண்ட காலம் ஆகும் என்றால், அலமாரியைப் பார்க்காமலே வாராவாரம் ஒரே அளவு ஆர்டர் சொல்லிக்கொண்டிருப்பது சிறந்த வழிக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. கேட்கச் சோம்பேறித்தனமாகத் தோன்றும். இன்று அலமாரி காலி என்பதற்காகக் கூட்டிச் சொல்லும் ஆர்டர் பல மாதம் கழித்து வந்து சேரும்போது, இன்றைய காலிக்கும் அன்றைய நிலைக்கும் தொடர்பே இருக்காது. சராசரித் தேவையைவிடக் கொஞ்சம் குறைவாக வாங்கிக்கொண்டே போனால் சரக்கு தேங்காது. தட்டுப்படும்போது போகிறவர்கள் போவார்கள். இதையே மலைக் கடைக்காரர் செய்தால் பாக்கிப் பட்டியல் முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும்.

சரி, நம் வாடிக்கையாளர்கள் எந்த ரகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடைகளில் பொருள் இல்லாதபோது மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து க்ரூயன், கார்ஸ்டன், பரத்வாஜ் ஆகிய மூவர் 2002-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மளிகை, சோப்பு, பேஸ்ட் போன்ற அன்றாடப் பொருள்களைப் பற்றியது. 31 சதவீதம் பேர் வேறு கடையில் வாங்கினார்கள். 26 சதவீதம் பேர் அதே கடையில் வேறு பிராண்டை எடுத்தார்கள். 19 சதவீதம் பேர் அதே பிராண்டில் வேறு அளவையோ ரகத்தையோ எடுத்தார்கள். 15 சதவீதம் பேர் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 9 சதவீதம் பேர் வாங்கவே இல்லை.

இந்த எண்களை யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது. கடைக்காரருக்கு நிச்சயமாகக் கைவிட்டுப் போனவர்கள், வேறு கடைக்குப் போனவர்களும் வாங்காமலே விட்டவர்களும் சேர்ந்து 40 சதவீதம். வேறு பிராண்டை எடுத்த 26 சதவீதம் பேரால் அவருக்குப் பெரிய நட்டமில்லை. சில சமயம் அந்தப் பிராண்டில் லாபம் கூடுதலாகவும் இருக்கலாம். பேஸ்ட் தயாரிக்கும் கம்பெனிக்கோ அந்த 26 சதவீதம்தான் வயிற்றெரிச்சல். வேறு கடையில் தன் பேஸ்ட்டையே வாங்கிக்கொண்டவரைப் பற்றி அதற்குக் கவலையில்லை. அலமாரி காலியாகக் கிடப்பதைப் பற்றிக் கம்பெனிப் பிரதிநிதிக்கும் கடைக்காரருக்கும் ஓயாமல் வரும் சண்டையின் வேர் இங்கே இருக்கிறது. இருவரும் இரண்டு வேறு இழப்புகளைக் கணக்குப் பார்க்கிறார்கள்.

காத்திருப்பது மனிதரின் குணம் சார்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. எண்பதுகளில் பஜாஜ் சேடக் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த அதே குடும்பங்கள்தான், சந்தை திறந்து வேறு வண்டிகள் வந்ததும் ஷோரூமில் இல்லை என்றால் எதிர் ஷோரூமுக்குப் போனார்கள். அதற்குப் பிறகும் ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350-க்கு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. அதற்கு ஈடாக வேறொன்றை அவர்கள் ஏற்கவில்லை. திருவொற்றியூர் ஆலையோடு ஒரகடத்திலும் 2013-இல் அந்த நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கியது. மாற்று எவ்வளவு கிட்டே இருக்கிறது, தேவை எவ்வளவு அவசரம், சொன்ன தேதியை நம்பலாமா — இந்த மூன்றும்தான் ஒருவரை நிற்கவோ போகவோ வைக்கின்றன. வால்பாறைக்காரரே ஒரு வேலையாகப் பொள்ளாச்சிக்குப் போகும் நாளில் சென்னை மெக்கானிக்கைப் போல நடந்துகொள்வார்.

நடைமுறையில் பெரிய சிக்கல், போய்விட்டவர் எந்தக் கணக்கிலும் பதிவாவதில்லை என்பது. காத்திருப்பவரின் பெயர் நோட்டில் இருக்கிறது. போனவர் பில்லில் இல்லை, கணிப்பொறியில் இல்லை. விற்றதுதான் தேவை என்று கடைக்காரர் நினைத்துக்கொள்கிறார். நம் சென்னைக் கடையில் வாராவாரம் 20 செட் மட்டும் வைத்தால், சராசரியாக 20 பேர் கேட்டாலும் விற்பனைப் பதிவு பதினேழரை என்றுதான் காட்டும். தேவை 20-ஐத் தாண்டும் வாரங்களில் மிச்சம் பேர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறார்கள். ‘வாரம் பதினெட்டுதானே போகுது’ என்று இருப்பை 18-ஆகக் குறைத்தால் அடுத்து பதிவு பதினாறரை காட்டும். அதற்கேற்ப இன்னும் குறைத்தால் இன்னும் குறையும். தேவை இம்மி அளவும் மாறாமலே அந்தப் பொருள் ‘போகாத பொருள்’ ஆகிவிடும்.

இது நடக்கிறதா என்று கண்டுபிடிக்க ஓர் அறிகுறி போதும். வைத்திருந்த சரக்கு முழுவதும் விற்றுத் தீர்ந்த வாரங்கள் எத்தனை என்று பாருங்கள். நான்கு வாரத்துக்கு இரண்டு வாரம் அப்படித் தீர்கிறது என்றால் அந்த விற்பனை எண்ணைத் தேவை என்று நம்பக் கூடாது. எந்தக் கிழமை தீர்ந்தது என்பதும் தெரிய வேண்டும். புதன்கிழமையே தீர்ந்திருந்தால் மூன்று நாள் விற்பனையை ஆறு நாளுக்கு விரித்துப் பார்த்தால்தான் உண்மைக்கு அருகில் வரும். அதுகூடக் குறைவாகத்தான் இருக்கும். அடிக்கடி இல்லை என்று கேட்ட மெக்கானிக்குகள் அந்தக் கடைப் பக்கம் வருவதையே நிறுத்தியிருப்பார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. ‘கேட்டு இல்லாமல் போனவர்கள்’ என்று எழுதி வைத்தால், ஒரே மெக்கானிக் ஐந்து கடையில் கேட்டிருப்பார். ஐந்து கடையும் ஒருவரை ஐந்து பேராக எழுதிக்கொள்ளும். பெண்டிங் ஆர்டரிலும் இது நடக்கும். இரண்டாயிரமாவது ஆண்டில் இணைய உபகரணங்களுக்குப் பெரும் தட்டுப்பாடு இருந்தபோது, யாரிடமாவது முதலில் கிடைக்கட்டும் என்று பலர் பல இடங்களில் ஒரே தேவைக்கு ஆர்டர் கொடுத்து வைத்தார்கள். அந்தப் பட்டியலை அப்படியே தேவை என்று நம்பிச் சரக்கு சேர்த்த சிஸ்கோ நிறுவனம், சந்தை சரிந்ததும் 2001-இல் 200 கோடி டாலருக்கும் மேற்பட்ட இருப்பை மதிப்பிழந்ததாக எழுதித் தள்ளியது. அட்வான்ஸ் வாங்காத பெண்டிங் ஆர்டர், ஆர்டரே அல்ல என்று நம் ஊர் மர வியாபாரிகளும் நகைக்கடைக்காரர்களும் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

போகிறவரை நிற்க வைக்க முடியுமா? முடியும், செலவு உண்டு. பட்டறைக்கே கொண்டுபோய்த் தருவது, பஸ் பார்சலில் வரவழைப்பது, கொஞ்சம் விலை குறைப்பது எல்லாம் சேர்ந்து ஆளுக்கு 20 ரூபாய் ஆகிறது, அதற்கு எல்லோரும் நின்றுவிடுகிறார்கள் என்று கொள்வோம். அப்போதும் சென்னைக் கடைக்கு 29 அல்லது 30 செட் தேவைப்படும். 32-லிருந்து இரண்டு மூன்றுதான் குறைகிறது. வாரத்துக்கு மிச்சம் நாலு ரூபாய்கூட இல்லை. 60 ரூபாய் லாபமுள்ள பிரேக் ஷூவுக்கு இந்த வித்தைகள் தேவையில்லை; அலமாரியை நிரப்பி வைப்பதே மலிவான சேவை. 900 ரூபாய் லாபமுள்ள ஈசியூவுக்கு ‘நாளை மறுநாள் காலை பட்டறையில் இருக்கும்’ என்று சொல்லி, சொன்னபடி கொடுத்தால், 5,100 ரூபாயை முடக்காமலே விற்பனை நிற்கும்.

ஆகவே கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பில் போடும் மென்பொருளில் இதற்கு இடம் இருக்காது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு போட்டுக்கொள்ளுங்கள். ‘இல்லை’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் தேதி, பொருள், கேட்டவர் பெயர், அவர் என்ன செய்தார் என்பதை எழுதுங்கள்: போனார், காத்திருக்கிறார், வேறு பிராண்ட் எடுத்தார். மூன்று மாதம் எழுதிய பிறகு, வாரத்தின் நடுவிலேயே தீர்ந்துபோகும் பத்துப் பொருள்களை மட்டும் எடுத்து, லாபத்தை வாரச் செலவால் வகுக்கும் அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மீதியை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.